பேட்டா நோட்டில் இல்லாத பெயர்கள்

சென்னையில் வடபழனி, சாலிகிராமம் பக்கம் சின்னச் சின்ன பிரிவியூ தியேட்டர்கள் உண்டு. முதல் படம் எடுத்த இயக்குநர், படம் ஓடுவதற்கு முன் திரைக்குக் கீழே மைக்கோடு நின்று நன்றி சொல்வார். உதவி இயக்குநராக இருந்த காலத்திலிருந்து அப்படி எத்தனையோ பேச்சுகளைக் கேட்டிருக்கிறேன். ஒன்றே ஒன்றுதான் அப்படியே நினைவில் நிற்கிறது.

18 நிமிடக் குறும்படம் அது. மதுரைப் பக்கத்துக் கிராமம் ஒன்றில், ஒரே வீட்டில், 4 நாளில் எடுத்தது. வேலை செய்தவர்கள் 22 பேர். இயக்குநர் தனக்கு 3 நிமிடம்தான் ஒதுக்கிக்கொண்டார். நிதானமாகப் பேசினால் 3 நிமிடத்தில் ஏறக்குறைய 300 சொற்கள் அடங்கும். 22 பேரையும் வரிசையாகப் படித்தால் நேரம் அதிலேயே போய்விடும், கேட்பவருக்கும் எதுவும் தங்காது. அதனால் ஒரு ஆளுக்கு ஒரு காரியம் என்று எழுதி வைத்திருந்தார்.

ஒலிப்பதிவாளரைப் பற்றி இப்படிச் சொன்னார்: "ரெண்டாம் நாள் மத்தியானம் நாங்க எல்லாரும் 'டேக் ஓகே'ன்னு கை தட்டிட்டோம். அண்ணன் மட்டும் ஹெட்போனைக் கழட்டாம, 'எங்கேயோ கிரைண்டர் ஓடுது'ன்னார். மறுபடி எடுத்தோம். இந்தப் படத்துல அந்தப் பாட்டி மூச்சு விடுறது உங்களுக்குக் கேட்டா, அது அவர் காதால வந்தது."

படப்பிடிப்பிலேயே வசனத்தைப் பதிவு செய்யும் படங்களில் இதுதான் பெரிய பாடு. கண்ணுக்குத் தெரியாத சத்தம் ஒன்று நல்ல நடிப்பையே வீணாக்கிவிடும். அவர் சொன்ன அந்த நாலு வரியில், ஒலிப்பதிவாளர் என்றால் என்ன வேலை என்பது முன்வரிசையில் இருந்த அவருடைய அப்பாவுக்கும் புரிந்திருக்கும்.

யார் பெயரும் விட்டுப்போகாமல் இருக்க என்ன செய்தார் என்று பிறகு விசாரித்தேன். புரொடக்‌ஷன் மேனேஜரின் பேட்டா நோட்டை வாங்கிப் பார்த்திருக்கிறார். தினம் யார் யாருக்குப் படி கொடுத்தது, எந்த வேன் வந்தது என்பதெல்லாம் அதில் இருக்கும். மனசு மறப்பவர்களை அந்த நோட்டு மறக்காது. லைட்மேன், டிரைவர், சாப்பாடு பரிமாறியவர் எல்லோரும் அப்படித்தான் அவர் தாளுக்கு வந்தார்கள்.

இந்த வேலையைச் செய்யாமல் விட்டால் என்ன ஆகும் என்பதை நான் வேலை செய்த ஒரு படத்திலேயே பார்த்தேன். படம் முழுக்க ஃபோகஸ் பிடித்தவர், மனைவியையும் பிள்ளையையும் அழைத்து வந்து இரண்டாம் வரிசையில் உட்கார்ந்திருந்தார். இயக்குநர் "மற்றும் கேமரா குழுவினருக்கு" என்று ஒரே வார்த்தையில் தாண்டிப் போனார். அந்தப் பிள்ளை அப்பாவின் முகத்தைப் பார்த்தது இன்றும் என் கண்ணில் நிற்கிறது.

ஆனால் பேட்டா நோட்டிலும் ஒரு குறை உண்டு. காசு வாங்காதவர்கள் அதில் இருக்க மாட்டார்கள். அந்தக் குறும்பட இயக்குநர் அவர்களுக்காகத் தனித்தாள் போட்டிருந்தார். வீட்டைக் கொடுத்துவிட்டுத் திண்ணையில் படுத்த தாத்தா, காலையில் 22 பேருக்கும் இட்லி அவித்த அம்மா, பணம் கொடுத்த மாமா. எதைச் சொல்லலாம் என்று வீட்டாரிடம் முதல் நாளே கேட்டுக்கொண்டாராம். "தொகையைச் சொல்லாதே" என்றிருக்கிறார் மாமா. மேடையில், "மாமா கதையைக்கூடக் கேக்காம கொடுத்தார்" என்பதோடு நிறுத்திக்கொண்டார். சரியான இடம். கடனும் நகையும் சபையில் வர வேண்டுமா என்பதை, கொடுத்தவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

ஆதரித்தவர்கள் பெயர் சொல்லி முடியாத அளவுக்குப் பெருகினால்? 1976-இல் வந்த ஷியாம் பெனகலின் 'மந்தன்' படத்துக்கு, குஜராத்தின் பால் கூட்டுறவு விவசாயிகள் 5 லட்சம் பேர் ஆளுக்கு 2 ரூபாய் கொடுத்தார்கள். படத்தின் டைட்டிலில், இதை வழங்குபவர்கள் குஜராத்தின் 5 லட்சம் விவசாயிகள் என்றே போட்டார்கள். வேறு யார் பெயரும் அந்த இடத்துக்குப் பொருந்தியிருக்காது.

நம் குறும்படக்காரர் கதையைச் சொல்லவில்லை, குறைகளுக்கு மன்னிப்புக் கேட்கவில்லை. முன்கூட்டி மன்னிப்புக் கேட்டால் பார்ப்பவர் குறையைத் தேடத்தான் தொடங்குவார். கடைசியாகச் சொன்னது இது: "ரெண்டாம் நாள் மத்தியானத்துக்கு அப்புறம், நாங்க கிளம்பற வரைக்கும் மாவு அரைக்காம இருந்த பக்கத்து வீட்டு அக்கா இன்னைக்கு வர முடியல. டைட்டில்ல அவங்க பேர் கடைசியா வரும். அதுவரைக்கும் உக்காந்திருங்க."

படம் முடிந்ததும் யாரும் எழவில்லை. எழவும் முடியாது, அரங்கம் இருட்டாகத்தான் இருந்தது. பெயர்கள் ஓடி முடியும்வரை விளக்கைப் போட வேண்டாம் என்று ஆபரேட்டரிடம் முன்பே சொல்லி வைத்திருந்தார். முதல் காட்சிக்குத் தயாராகிக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகளே, பேச்சை எழுதும் அன்றே நீங்களும் ஆபரேட்டரிடம் இதைச் சொல்லிவிடுங்கள்.