பேரிங் தரும் எச்சரிக்கை

ஆலை யந்திரம் திடீரென்று நின்றுவிட்டதாகச் சொல்வது வழக்கம். பெரும்பாலும் அது பல வாரங்களுக்கு முன்பே எச்சரித்திருக்கும். 9 குண்டுகள் கொண்ட, 6205 என்னும் எண்ணுள்ள பேரிங்கை எடுத்துக்கொள்வோம். அச்சு விநாடிக்கு 25 தடவை சுழல்கையில், அசையாதிருக்கும் வெளி வளையத்தின் ஒவ்வோரிடத்தையும் குண்டுகள் விநாடிக்குச் சுமார் 90 தடவை கடக்கின்றன. அங்கே சிறு பள்ளம் விழுந்தால் விநாடிக்கு 90 தட்டல்கள் எழும்.

இத்தட்டல்கள் அற்பமானவை, ஆதலால் ஆரம்பத்தில் மொத்த அதிர்வின் அளவு அதிகம் உயராது. அதை மட்டும் பார்ப்பவர் ஏமாறுவர். ஆனால் ஒவ்வொரு தட்டலும் உலோகத்தை மணிபோல் உச்ச ஸ்தாயியில் ஒலிக்கச் செய்கிறது. பேரிங் கூட்டின்மேல் பொருத்திய உணர்கருவியின் பதிவிலிருந்து அவ்வொலியை மட்டும் பிரித்து, அது விநாடிக்கு எத்தனை முறை எழுந்தடங்குகிறதென்று கணக்கிடல் வேண்டும். விடை 90ஐ ஒட்டியிருந்தால் பழுது வெளி வளையத்தில் என்பது தெளிவு.

பள்ளத்தின் விளிம்பு தேய்ந்தபின் தட்டல் சற்றுத் தணிவதுமுண்டு. அதைக் குணமென்று கொள்வது அபாயம். மசகு வற்றினாலோ பேரிங் சில மணி நேரத்திலேயே எரிந்துபோகலாம். மாதமொரு முறை அளப்போருக்கு அது புலப்படாது. ஆகவே முக்கியமான யந்திரங்களில் உணர்கருவி நிரந்தரமாகவே இருத்தல் வேண்டுமென்பது நமது அபிப்பிராயம்.