இறகுப்பந்தாட்ட வகைப்பாடு (இணை விளையாட்டு)

இணை இறகுப்பந்தாட்ட வகைப்பாடு என்பது மாற்றுத்திறனாளர் ஆடும் இறகுப்பந்தாட்டத்தில், உடற்குறை ஆட்டத்தை எந்த அளவுக்குப் பாதிக்கிறது என்பதைக் கொண்டு ஆட்டக்காரர்களைப் பிரிக்கும் முறையாகும். குறைவான பாதிப்பு உடையவரே எப்போதும் வெல்லும் நிலையைத் தவிர்ப்பது இதன் நோக்கம்.

## பிரிவுகள்

இவ்விளையாட்டில் ஆறு பிரிவுகள் உள்ளன.

* டபிள்யூஎச்1, டபிள்யூஎச்2: சக்கர நாற்காலியில் ஆடுவோர். முதற்பிரிவினருக்குக் கால்களுடன் உடற்பகுதியின் கட்டுப்பாடும் பாதிக்கப்பட்டிருக்கும்.
* எஸ்எல்3, எஸ்எல்4: காலில் குறையுடன் நின்று ஆடுவோர். எஸ்எல்3 பிரிவில் பாதிப்பு கூடுதல்.
* எஸ்யூ5: கையில் குறையுடையோர்.
* எஸ்எச்6: உயரம் குன்றியோர்.

பிரிவுக்கேற்ப ஆடுகளமும் மாறும். எஸ்எல்3 பிரிவினர் நடக்கும்போதும் ஓடும்போதும் உடற்சமநிலை காப்பது கடினம். எனவே அவர்களின் ஒற்றையர் ஆட்டம் நீளவாக்கில் பாதியாக்கப்பட்ட களத்தில் நடைபெறும். எஸ்எல்4 பிரிவினர் முழுக் களத்தில் ஆடுவர்.

## எடுத்துக்காட்டு: பாரிசு 2024

2024ஆம் ஆண்டு பாரிசு இணை ஒலிம்பிக்கில் தமிழ்நாட்டு வீராங்கனையர் மூவர் ஒற்றையர் ஆட்டத்தில் பதக்கம் வென்றனர். எஸ்யூ5 பிரிவில் காஞ்சிபுரத்தைச் சேர்ந்த துளசிமதி முருகேசன் வெள்ளியும், மனீஷா ராமதாஸ் வெண்கலமும் பெற்றனர். நித்யஸ்ரீ சிவன் எஸ்எச்6 பிரிவில் வெண்கலம் பெற்றார்.

துளசிமதிக்கு இடக்கையிலும் மனீஷாவுக்கு வலக்கையிலும் குறை உள்ளது. இருவரும் மட்டை பிடிப்பது மற்றக் கையால். ஆயினும் தலைக்கு மேல் வரும் பந்தை அடிக்கும்போது உடலைச் சமன்செய்வது மட்டை பிடிக்காத கையே. அதனால் அக்கையின் குறையும் கணக்கில் கொள்ளப்படுகிறது. இருவரும் ஒரே பிரிவினர் என்பதால் அரையிறுதியில் எதிரெதிரே ஆடினர். துளசிமதி 23-21, 21-17 என வென்றார்.

நித்யஸ்ரீயை இவர்களுடன் மோதவிட்டால் ஆட்டம் ஒருதலைப்பட்சமாகிவிடும். எஸ்எச்6 மகளிருக்கான உயர வரம்பு 137 செ.மீ. வலையின் நடுப்பகுதியோ 152 செ.மீ. உயரம் கொண்டது.

கலப்பு இரட்டையரில் எஸ்எல்3 முதல் எஸ்யூ5 வரையிலானோர் இணைந்து ஆடலாம். ஆனால் இருவரின் பிரிவு எண்களைக் கூட்டினால் 8-ஐ மிஞ்சக்கூடாது. துளசிமதி (5), நிதேஷ் குமார் (3) இணை இவ்விதிப்படி அமைந்ததே.

## மதிப்பீட்டு முறை

முதலில் மருத்துவச் சான்றுகளைக் கொண்டு, ஏற்கத்தக்க நிலையான குறை உள்ளதா என்று பார்க்கப்படும். அடுத்து அக்குறை இவ்விளையாட்டுக்கான குறைந்தபட்ச அளவை எட்டுகிறதா என்று அளக்கப்படும். குறை இருந்தும் இவ்வளவை எட்டாதவர் போட்டியிட இயலாது. பின்னர் மதிப்பீட்டாளர் குழு, அசைவுகளைச் சோதித்துப் பிரிவை வழங்கும். தேவையானால் போட்டியின்போதும் கவனிக்கும். மாறக்கூடிய குறை உடையோர் மறுமதிப்பீட்டுக்கு வர வேண்டும்.

## சிக்கல்கள்

தசைவலிமை போன்றவற்றை அளப்பதில் மதிப்பீட்டாளரின் கணிப்பும் கலந்திருப்பதால், எல்லையில் நிற்போரின் பிரிவு சர்ச்சைக்குள்ளாவதுண்டு. இதற்கு வட்டெறிதலில் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 2021இல் நடைபெற்ற டோக்கியோ இணை ஒலிம்பிக்கில் இந்தியாவின் வினோத் குமார், எஃப்52 பிரிவில் 19.91 மீட்டர் எறிந்து மூன்றாமிடம் பெற்றார். பிற போட்டியாளர் தரப்பு எதிர்ப்புத் தெரிவித்ததால் முடிவு நிறுத்திவைக்கப்பட்டது. மறுமதிப்பீட்டில் அவருக்குப் பிரிவு ஒதுக்க இயலவில்லை என அறிவிக்கப்பட்டதால், மறுநாளே வெண்கலத்தை இழந்தார்.