அடைத்த கடனுக்குத் தொடரும் தவணைப் பிடித்தம்

கடனை முழுவதும் அடைத்த பிறகும் சேமிப்புக் கணக்கிலிருந்து மாதத் தவணை பிடிக்கப்படுவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான். கடன் கணக்கு வேறு, பணம் எடுக்கக் கொடுத்த அனுமதி வேறு. கடன் வாங்கும்போது கையெழுத்திட்டுக் கொடுத்த மேண்டேட், நாச் முறையில் தனியாகப் பதிவாகியிருக்கும். கடன் கொடுத்த வங்கி அதையும் ரத்து செய்யாவிட்டால், தவணைத் தேதி வந்ததும் பணம் போய்விடும். பிடித்தப் பட்டியல் முன்கூட்டியே தயாராவதால், தேதியை ஒட்டி அடைத்தவருக்கு ஒரு தவணை கூடுதலாகப் போவதும் உண்டு. இரண்டாவது மாதமும் போனால் அது தற்செயல் அல்ல. மேண்டேட் ரத்தாகவில்லை, அல்லது ஏதோ சிறு கட்டணம் பாக்கி என்று கடன் கணக்கே மூடப்படாமல் நிற்கிறது. ஆகவே கடிதம் எழுதுமுன் கடன் கணக்கின் விவர அறிக்கையை வாங்கி, பாக்கி சுழியம்தானா என்று பார்ப்பது அவசியம்.

ஒருவர் தனிநபர் கடனை மார்ச் 12 அன்று அடைத்தார். தவணை 8,450 ரூபாய். ஏப்ரல் 5, மே 5 இரு தேதிகளிலும் அது பிடிக்கப்பட்டது என்று வைத்துக்கொள்வோம். "அடைத்த பிறகும் பிடிக்கிறார்கள்" என்று பொத்தாம்பொதுவாக எழுதினால், விவரம் கேட்டு ஒரு பதில் வருவதோடு நாள் கடந்துவிடும். கடிதத்தின் உடல் இப்படி இருக்கலாம்:

"மேற்கண்ட எண்ணுள்ள கடனை மார்ச் 12 அன்று முழுவதும் செலுத்திவிட்டேன், ரசீது இணைத்துள்ளேன். அதன் பிறகு ஏப்ரல் 5, மே 5 தேதிகளில் தலா 8,450 ரூபாய் பிடிக்கப்பட்டுள்ளது. மொத்தம் 16,900 ரூபாயைப் பணம் எடுத்த அதே கணக்கில் வரவு வைக்கவும். மேண்டேட்டை ரத்து செய்து எழுத்தில் உறுதிப்படுத்தவும். நிலுவை இல்லாச் சான்றிதழ் வழங்கி, கடன் தகவல் நிறுவனங்களிலும் கடன் முடிந்ததாகப் பதியவும்."

'அதே கணக்கில்' என்ற சொல் முக்கியம். அது இல்லாவிட்டால், அதே வங்கியில் உள்ள வேறொரு கடனில் அந்தத் தொகையைக் கழித்துக்கொள்ள இடம் உண்டு. சேமிப்புக் கணக்கு வேறு வங்கியில் இருந்தால், மேண்டேட்டை நிறுத்தும்படி அங்கேயும் தனியாக ஒரு விண்ணப்பம் கொடுப்பது நல்லது. அடுத்த பிடித்தத்தை அது தடுக்கும். போன பணத்தைத் திருப்ப வேண்டியது கடன் கொடுத்த வங்கிதான்.

சான்றிதழைப் பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று விடுவது தவறு. கணக்கு உண்மையில் மூடப்பட்டதற்கு அதுவே எழுத்துச் சாட்சி. வீட்டுக் கடன்போல் சொத்து ஆவணம் அடமானத்தில் இருந்தால், முழுத்தொகை செலுத்திய 30 நாளுக்குள் அதைத் திருப்பித் தர வேண்டும், வங்கியால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு என்று ரிசர்வ் வங்கி 2023-ல் உத்தரவிட்டது.

கடிதத்தை நேரில் கொடுத்து, நகலில் தேதியும் முத்திரையும் வாங்க வேண்டும். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் நியாயமாக இல்லாவிட்டாலோ cms.rbi.org.in தளத்தில் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றிப் புகார் செய்யலாம். வங்கிக்கு முதலில் எழுதியதற்கு அந்த முத்திரையிட்ட நகல்தான் ஆதாரம். அதை ரசீதோடு சேர்த்து இணைக்க வேண்டும்.