சதுர அணிக்கோவையின் ஆற்றல் பட்டை: இறுக்கப் பிணைப்புக் கணக்கீடும் அதன் எல்லையும்

La₂CuO₄ சேர்மத்தின் செப்பு-ஆக்சிஜன் தளத்தை, அணுவுக்கு ஓர் எலக்ட்ரான் கொண்ட சதுர அணிக்கோவையாக எளிமைப்படுத்தலாம். அணுத்தள ஆற்றலைச் சுழியாகவும், அண்டை அணுவுக்குத் தாவும் வீச்சை −t ஆகவும் கொள்வோம். பிளாக் தேற்றப்படி நான்கு அண்டை அணுக்களின் கட்டக் காரணிகளைக் கூட்டினால் பின்வரும் தொடர்பு கிடைக்கிறது:

E(k) = −2t [cos(kₓa) + cos(k_y a)]

மண்டலத்தின் மையத்தில் ஆற்றல் −4t. (π/a, π/a) மூலையில் +4t. ஆகவே பட்டையின் அகலம் 8t; t = 0.4 eV எனில் 3.2 eV. விடை 4t என அமைந்தால், எதிரெதிர் அண்டை இணையால் வரும் காரணி 2 விடுபட்டிருக்கும்.

பட்டை பாதி நிரம்பும்போது ஃபெர்மி எல்லை E = 0 என்னும் சாய்சதுரமாகி, (π/a, 0) புள்ளி வழியே செல்கிறது. அங்கு ஆற்றல் ஒரு திசையில் பெருமமாகவும் மறுதிசையில் சிறுமமாகவும் இருப்பதால், நிலையடர்த்தி மடக்கை முறையில் முடிவிலியை நாடுகிறது. எனவே, k-வலையை நுண்மையாக்குந்தோறும் கணினி காட்டும் உச்சம் உயர்வது பிழையன்று.

பாதி நிரம்பிய பட்டை உலோகத்தைக் குறிக்கும். ஆனால் La₂CuO₄ ஒரு மின்காப்பி. எலக்ட்ரான்களுக்கிடையேயான விலக்கத்தை இம்மாதிரி புறக்கணிப்பதே இம்முரணுக்குக் காரணம். சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்தின் ஜி. பாஸ்கரன், ஆண்டர்சன் முதலியோருடன் 1987-இல் வெளியிட்ட கோட்பாடு அவ்விலக்கத்தையே தொடக்கமாகக் கொண்டது.