தனி மருந்துகளும் அவற்றின் சோதனை விதிகளும்

இப்னு சீனா (980–1037) அரபு மொழியில் எழுதி 1025ஆம் ஆண்டளவில் நிறைவு செய்த ‘அல்-கானூன்’ என்னும் மருத்துவ நூலின் இரண்டாம் பாகம், பிற பொருளுடன் கூட்டப்படாத தனி மருந்துகளை விளக்குகிறது. வெப்பம், குளிர்ச்சி, வறட்சி, ஈரம் ஆகிய குணங்களால் வகுக்கப்பட்ட மருந்துகளின் வலிமை நான்கு படிகளில் குறிக்கப்பட்டது. முதற்படியின் விளைவு உணர முடியாத அளவுக்கு மெல்லியது, நான்காம் படியோ உயிரைக் கொல்லக்கூடியது.

காய்ச்சிய நீர் இயல்பில் குளிர்ச்சியுடையதாயினும் சூடு ஆறும்வரை வெப்பமூட்டும் என்பதால், வெளியிலிருந்து ஏறிய குணம் நீங்கிய பின்னரே மருந்தைச் சோதிக்க வேண்டும் என்பது அந்நூல் தரும் சோதனை விதிகளில் முதலாவது. அதன்பின் மாறான இரு நோய்களில் அதைக் கொடுத்து, ஒரே விளைவு எப்போதும் அல்லது பெரும்பாலும் தோன்றுகிறதா என்று கவனிக்க வேண்டும். சிங்கத்திடமோ குதிரையிடமோ கண்ட விளைவு மனிதருக்குப் பொருந்தாமல் போகலாம் என்பதால், மனித உடலில் சோதிப்பதையே இறுதி விதி வலியுறுத்துகிறது.