72 மணி நேரத்தில் யார் பதில் சொல்வது?

சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸ்டார் ஹெல்த் காப்பீட்டு நிறுவனத்தின் வாடிக்கையாளர் விவரங்கள் டெலிகிராம் செயலியில் உலவுவது 2024 செப்டம்பரில் வெளிச்சத்துக்கு வந்தது. அவற்றில் அடையாள அட்டை நகல்களும் மருத்துவப் பரிசோதனை முடிவுகளும் இருந்தன. நிறுவனம் சென்னை உயர் நீதிமன்றத்தை நாடித் தடையாணை பெற்றது. தன் தரவுகள் சட்டவிரோதமாக அணுகப்பட்டதை அக்டோபரில் ஒப்புக்கொண்டது.

இப்படிப்பட்ட ஆவணங்கள் காப்பீட்டு நிறுவனத்தின் கணினியில் பிறப்பவை அல்ல. தருமபுரி போன்ற மாவட்டத் தலைநகரங்களில் உள்ள மருத்துவமனைகளின் காப்பீட்டு மேசைகளிலிருந்துதான் அவை புறப்படுகின்றன. அந்த மேசையைப் பொறுப்புக்கு உள்ளாக்கும் சட்டம் இப்போது வந்துவிட்டது. வழக்குரைஞர், தணிக்கையாளர், கணினிப் பணியாளர் ஆகிய மூவருக்கும் புதிய பணிவாய்ப்பு உருவாவதும் அங்கிருந்துதான்.

எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஆகஸ்டில் குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்றது. அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. நிறுவனங்களுக்கான முக்கியக் கடமைகள் அதிலிருந்து 18 மாதங்களில், அதாவது 2027 மே மாதத்தில் நடைமுறைக்கு வரும். தகுந்த பாதுகாப்பு ஏற்பாடு இல்லாமல் தரவு கசிந்தால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம்.

தருமபுரியில் 30 படுக்கைகள் கொண்ட ஒரு தனியார் மருத்துவமனை இருப்பதாகக் கொள்வோம். வரவேற்பறையில் ஆதார் அட்டை ஸ்கேன் செய்யப்படுகிறது. பரிசோதனை அறிக்கை வாட்ஸ்அப் வழியே காப்பீட்டு முகவருக்குப் போகிறது. பில் போடும் மென்பொருளை வெளியூர் நிறுவனம் ஒன்று பராமரிக்கிறது. நோயாளியின் கைப்பேசி எண் முழு உடல் பரிசோதனைச் சலுகைக்கான குறுஞ்செய்திப் பட்டியலில் சேர்கிறது. எந்த விவரம், எதற்காக, யாரிடம், எவ்வளவு காலம் இருக்கிறது என்று கேட்டால், அந்த மருத்துவமனையில் ஒருவராலும் முழுமையாகப் பதில் சொல்ல முடியாது. அந்தப் பதிலை ஓர் அட்டவணையாகத் தயாரிப்பதே இத்துறையின் முதல் வேலை.

அட்டவணை தயாரானதும் வழக்குரைஞரின் பணி தொடங்குகிறது. சிகிச்சைக்காக நோயாளி தாமாகவே தரும் விவரத்தை அதே நோக்கத்துக்குப் பயன்படுத்தத் தனி ஒப்புதல் தேவையில்லை. ஆனால், அதே எண்ணுக்கு விளம்பரம் அனுப்ப ஒப்புதல் வேண்டும். ஒப்புதல் கோரும் அறிவிப்பைத் தமிழில் படிக்கும் வாய்ப்பையும் நோயாளிக்குத் தர வேண்டும். மென்பொருள் நிறுவனத்தின் தவறால் விவரம் கசிந்தாலும் சட்டத்தின் முன் பதில் சொல்ல வேண்டியது மருத்துவமனையே. ஆகவே, அந்த நிறுவனத்துடனான ஒப்பந்தத்தை அவர் திருத்தி எழுத வேண்டும்.

ஏட்டில் எழுதியது நடைமுறையில் இருக்கிறதா என்று பார்ப்பவர் தணிக்கையாளர். வேலையை விட்டுப் போன ஊழியரின் கடவுச்சொல் இன்னும் செல்லுபடியாகிறதா, அழித்துவிட்டதாகச் சொல்லப்பட்ட கோப்பு காப்புப் பிரதியில் எஞ்சியிருக்கிறதா என்பவை அவருடைய கேள்விகள். பட்டயக் கணக்காளர்களுக்கு அவர்களது கழகமே நடத்தும் தகவல் முறைமைத் தணிக்கைப் பட்டயப் படிப்பு இதற்கு ஓர் அடித்தளம். கணினிப் பணியாளரோ, எந்தக் கோப்பை யார் எப்போது திறந்தார் என்னும் பதிவுகளை ஓராண்டு காக்க வேண்டும். விவரங்களை மறையாக்கம் செய்ய வேண்டும்.

மூவரும் சேர்ந்து உழைத்தார்களா என்பது கசிவு நேரும் நாளில் தெரிந்துவிடும். பாதிக்கப்பட்டவர்களுக்கும் தரவுப் பாதுகாப்பு வாரியத்துக்கும் தாமதமின்றித் தகவல் தர வேண்டும்; 72 மணி நேரத்துக்குள் வாரியத்துக்கு விரிவான அறிக்கை தர வேண்டும். கணினி அவசரநிலைக் குழுவான செர்ட்-இன் அமைப்புக்கு 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்ற 2022ஆம் ஆண்டின் உத்தரவும் உண்டு. பதிவுகள் இல்லையென்றால் எத்தனை பேரின் விவரம் போனது என்பதே தெரியாது. அட்டவணை இல்லையென்றால் யாருக்குத் தெரிவிப்பது என்பதும் தெரியாது.

வரம்புகளையும் மறைக்கக் கூடாது. தரவுப் பாதுகாப்பு அலுவலரும் தற்சார்புத் தரவுத் தணிக்கையாளரும் அரசு தனியே அறிவிக்கும் பெரிய நிறுவனங்களுக்கே கட்டாயம். தருமபுரியில் இப்பணி பெரும்பாலும் பல நிறுவனங்களுக்குச் சேர்த்துச் செய்யும் பகுதிநேர ஆலோசனையாகவே இருக்கும். கணினிக்குள் ஏறாத தாள் பதிவேடு இச்சட்டத்துக்குள் வராது. அபராதத் தொகை அரசுக்குப் போகும். பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு தர இச்சட்டத்தில் வழியில்லை.

தருமபுரியில் 2017 முதல் அரசு சட்டக் கல்லூரி இயங்குகிறது. செட்டிக்கரையில் அரசு பொறியியல் கல்லூரி இருக்கிறது. 2027 மே மாதத்துக்குள் உள்ளூர் மருத்துவமனை ஒன்றின் தரவு அட்டவணையை இவ்விரு கல்லூரிகளின் மாணவர்களும் தணிக்கையாளர் ஒருவரின் மேற்பார்வையில் சேர்ந்து தயாரித்துப் பார்க்கலாம். நோயாளிகளின் உண்மை விவரங்கள் மாணவர்களின் கைக்குப் போகக் கூடாது. எந்த வகை விவரம் எங்கே போகிறது என்ற வரைபடம் மட்டுமே போதும். அதைப் போட்டு முடிப்பவர்களுக்கு இப்பணி என்னவென்று தெரிந்துவிடும்.