பட்டியலின் இரு முனைகள்

குடை, பாறை, சங்கு, தறி, மேகம், கூடை, வாள், நரி, கம்பளி, ஏணி, பனை, தேர், உப்பு, மணி, ஓடம். இந்தப் பதினைந்து சொற்களையும் மூன்று விநாடிக்கு ஒன்றாக ஒருவர் நிதானமாகப் படித்துக் காட்டுகிறார். முடித்ததும், நினைவில் இருப்பதை எந்த வரிசையிலும் சொல்லலாம் என்கிறார். கேட்டவர்களில் பெரும்பாலோர் செய்வது ஒன்றே. ‘ஓடம், மணி, உப்பு’ என்று கடைசியிலிருந்து அவசரமாகக் கொட்டிவிட்டு, பிறகு ‘குடை, பாறை’ என்று தொடக்கத்துக்குத் தாவுவார்கள். நரியும் கம்பளியும் ஏணியும் பலருக்கு வரவே வராது.

ஒருவரை மட்டும் வைத்துப் பார்த்தால் இது தற்செயலாகத் தெரியலாம். நூற்றுக்கணக்கானவர்களின் விடைகளைச் சேர்த்து, முதல் சொல்லை எத்தனை பேர் சொன்னார்கள், இரண்டாவதை எத்தனை பேர் என்று வரைபடத்தில் குறித்தால், இரு முனையும் தூக்கி நடுவில் தொய்ந்த ஒரு வளைவு வரும். 1962-ல் பென்னட் மர்டாக் என்ற உளவியலாளர் பட்டியலின் நீளத்தையும் படிக்கும் வேகத்தையும் மாற்றி மாற்றிச் சோதித்தார். வளைவு திரும்பத் திரும்ப அதே வடிவத்தில்தான் வந்தது. தொடக்கத்தில் மூன்று நான்கு சொற்களுக்குச் சிறிய ஏற்றம், நடுவில் ஏறக்குறைய சமதளம், கடைசி ஏழெட்டுச் சொற்களுக்குச் செங்குத்தான ஏற்றம். பட்டியல் நீண்டால் நடுத்தளம்தான் நீண்டது. இரண்டு முனைகளும் அப்படியே இருந்தன.

இரண்டு முனைகளும் ஒரே காரணத்தால்தான் உயர்கின்றனவா என்பதே அடுத்து எழுந்த கேள்வி. இதற்கு வழி காட்டியவர்கள் அமெரிக்காவின் மரே கிளான்சரும் அனிதா கியூனிட்ஸும். ஒரு முனையை மட்டும் மாற்றி மற்றதைத் தொடாமல் விடும் ஒரு சூழ்நிலை கிடைத்தால், இரண்டின் வேர்களும் வேறு என்று சொல்லலாம் அல்லவா? 1966-ல் வெளிவந்த அவர்களுடைய ஆய்வு இந்த யோசனையில்தான் நிற்கிறது. பங்கேற்றவர்கள் அமெரிக்க ராணுவ வீரர்கள்.

முதல் சோதனையில் சொற்களுக்கு நடுவே உள்ள இடைவெளியைக் கூட்டினார்கள். மூன்று விநாடிக்கு ஒரு சொல், பிறகு ஆறு, பிறகு ஒன்பது. நேரம் கூடக் கூட முதல் சொற்களும் நடுச் சொற்களும் அதிகமாக நினைவில் நின்றன. கடைசிச் சில சொற்களுக்கோ அதனால் எந்த லாபமும் இல்லை.

இரண்டாவது சோதனை இதற்கு நேர் எதிர்ப் பக்கம். சில பட்டியல்களில் பதினைந்து சொற்கள் முடிந்தவுடன் உடனே எழுதச் சொன்னார்கள். மற்றப் பட்டியல்கள் முடிந்ததும் திரையில் ஓர் எண் தெரியும். அதிலிருந்து வரிசையாக உரக்க எண்ண வேண்டும். சில முறை 10 விநாடி எண்ணினார்கள், சில முறை 30 விநாடி. எண்ணுவது கடினமான வேலை இல்லை; ஆனால் வாய் எண்ணிக்கொண்டிருக்கும்போது மனத்துக்குள் ‘உப்பு, மணி, ஓடம்’ என்று ஓட்டிப் பார்க்க முடியாது. 10 விநாடியிலேயே கடைசி முனை இறங்கிவிட்டது. 30 விநாடியில் அந்த ஏற்றம் அடியோடு மறைந்து, நடுச் சொற்களின் மட்டத்துக்கு வந்துவிட்டது. குடையும் பாறையும் இருந்த இடத்திலேயே இருந்தன.

இதிலிருந்து கிடைத்த விளக்கம் இப்படிப் போகிறது. கடைசிச் சொற்கள் குறுகிய கால நினைவில் இன்னும் சூடு ஆறாமல் கிடக்கின்றன; யாரும் தொந்தரவு செய்யாவிட்டால் அப்படியே எடுத்துக் கொடுத்துவிடலாம். அந்த இடம் சிறியது, சில விநாடிகளில் வேறு விஷயம் வந்து நிரப்பிவிடும். முதல் சொற்கள் அதற்குள் நீண்ட கால நினைவுக்குப் போய்விட்டன. 1968-ல் ரிச்சர்ட் அட்கின்சனும் ரிச்சர்ட் ஷிஃப்ரினும் முன்வைத்த நினைவு மாதிரிக்கு இந்த வளைவு முக்கியமான சான்றாயிற்று.

முதல் சொற்கள் மட்டும் ஏன் அப்படிப் போகின்றன? டூவி ரண்டஸ் 1971-ல் கண்ட வழி மிக எளிமையானது, மிக அழகானதும்கூட. மனத்துக்குள் ஓட்டுவதை வாய்விட்டே ஓட்டச் சொல்லிப் பதிவுசெய்தார். முதல் சொல் வரும்போது அதற்குப் போட்டி இல்லை. ‘குடை, குடை, குடை’ என்று ஓடும். அடுத்தது வந்தால் ‘குடை, பாறை, குடை, பாறை’. எட்டாவது வரும்போது நேரத்தைப் பலரோடு பங்கு போட வேண்டியிருக்கிறது. எண்ணிப் பார்த்தபோது முதல் சொற்களே அதிக முறை உச்சரிக்கப்பட்டிருந்தன. நடுச் சொற்கள் வரைக்கும் உச்சரிப்பின் எண்ணிக்கையும் நினைவும் சேர்ந்தே இறங்கின. கடைசிச் சொற்களில் இந்தத் தொடர்பு அறுந்தது. மிகக் குறைவாக உச்சரிக்கப்பட்ட அவைதான் மிக நன்றாக நினைவுக்கு வந்தன.

அந்தக் குறைவான உச்சரிப்புக்குப் பின்னால் ஒரு விலை இருக்கிறது. ஃபெர்கஸ் கிரெய்க் 1970-ல் பல பட்டியல்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கொடுத்து, ஒவ்வொன்றும் முடிந்தவுடன் நினைவைச் சோதித்தார். எல்லாம் முடிந்த பிறகு, முன்னறிவிப்பு இல்லாமல் எல்லாப் பட்டியல்களின் சொற்களையும் மொத்தமாகச் சொல்லச் சொன்னார். முதலில் வளைவின் உச்சியில் இருந்த கடைசிச் சொற்கள் இப்போது அதன் அடியில் இருந்தன. சற்று முன் சுலபமாகச் சொல்லிவிட்டதனாலேயே அது மனத்தில் பதிந்துவிட்டது என்று கருத முடியாது.

மூளை பாதிக்கப்பட்டவர்களிடம் கிடைத்த சான்று இன்னும் கூர்மையானது. புதிய விஷயங்களை நினைவில் வைக்க முடியாத மறதி நோயாளிகளை ஆலன் பாட்லியும் எலிசபெத் வாரிங்டனும் 1970-ல் இப்படிச் சோதித்தார்கள். தொடக்கச் சொற்களிலும் நடுச் சொற்களிலும் அவர்கள் மிகவும் பின்தங்கினார்கள். கடைசிச் சொற்களில் மற்றவர்களுக்குச் சமமாக நின்றார்கள். அதே ஆண்டில் டிம் ஷாலிஸும் வாரிங்டனும் கே.எஃப். என்ற முதலெழுத்துகளால் அறியப்படும் ஒருவரைப் பற்றி எழுதினார்கள். விபத்தில் தலையில் அடிபட்ட அவரால் ஓரிரு எண்களுக்கு மேல் கேட்டுத் திருப்பிச் சொல்ல முடியவில்லை. கடைசி முனையின் ஏற்றம் அவருக்கு ஒரே ஒரு சொல்லாகச் சுருங்கியிருந்தது. நீண்ட கால நினைவோ இயல்பாக இருந்தது.

இங்கே கதை முடிந்திருந்தால் எளிதாக இருந்திருக்கும். 1974-ல் ராபர்ட் பியார்க்கும் வில்லியம் விட்டனும் எண்ணும் வேலையைக் கடைசியில் மட்டும் வைக்காமல், ஒவ்வொரு சொல் இணைக்கும் முன்னும் பின்னும் கணக்குப் போடச் சொன்னார்கள். கடைசி இணைக்குப் பிறகும் கணக்கு இருந்தது. குறுகிய கால நினைவு காலியாகியிருக்க வேண்டும். அப்படியிருந்தும் கடைசி முனை மீண்டும் எழுந்தது! ஓடும் ரயிலிலிருந்து தந்திக் கம்பங்களைத் திரும்பிப் பார்ப்பதை ராபர்ட் க்ரௌடர் இதற்கு உவமையாகச் சொன்னார். அருகில் உள்ள கம்பங்கள் தனித்தனியாகத் தெரியும், தொலைவில் உள்ளவை ஒன்றோடொன்று நெருங்கிக் கலந்துவிடும். மூன்று விநாடி இடைவெளியில் வந்த சொற்களுக்கு முன்னால் 30 விநாடி காத்திருப்பு பெரியது. சொற்களே தள்ளித் தள்ளி வந்திருந்தால் அதே காத்திருப்பு சிறியது. ரக்பி வீரர்களை அந்தப் பருவத்தில் மோதிய அணிகளைச் சொல்லச் சொன்னபோதும் கடைசி ஆட்டங்களே மேலோங்கி வந்தன. அவை நடந்து வாரக்கணக்காகியிருந்தது.

அப்படியானால் தனியான குறுகிய கால நினைவு என்று ஒன்று தேவையே இல்லையா? தேவை என்போர் மறுபடியும் மறதி நோயாளிகளைக் காட்டுகிறார்கள். இத்தாலியில் கார்லெசிமோவும் உடன் ஆய்வாளர்களும் 1996-ல் இரண்டு முறைகளையும் அவர்களிடம் செய்து பார்த்தார்கள். உடனே கேட்டபோது கடைசி முனை இயல்பாக இருந்தது. சொற்களுக்கு நடுவே வேலை கொடுத்துக் கேட்டபோது அந்த முனை இயல்பைவிடத் தாழ்ந்தது. வரைபடத்தில் ஒரே மாதிரித் தெரியும் இரண்டு ஏற்றங்களை உண்டாக்குவது ஒரே நினைவு என்றால், நோய் ஒன்றை மட்டும் தொட்டிருக்காது என்பது அவர்கள் வாதம். ஒரே நினைவுதான் என்போர் அதற்கு மறுப்பு எழுதிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.